நீலத்திரை வந்த இரவு: பேட்ச் போட முடியாத ஃபர்னஸ் கம்ப்யூட்டர்களோடு நான் பட்ட பாடு

ஓசூர் பக்கம் கியர், ஷாஃப்ட் போன்ற வாகன உதிரிபாகங்களுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எலெக்ட்ரிக்கல் படித்தவன். பிஎல்சி, டிரைவ், பேனல் எல்லாம் கை பழகிய வேலை. நெட்வொர்க் பாதுகாப்பு என்பது ஆபீஸ் ஐடி ஆட்களின் பாடு என்றுதான் 2023 வரை நினைத்திருந்தேன். அந்த வருடம் ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை நான் பட்டதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் இதை யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் பாதி இழப்பாவது மிஞ்சியிருக்கும்.

இரவு 9:40-க்கு ஷிஃப்ட்டிலிருந்து போன். "சார், ரெண்டாவது ஃபர்னஸ் ஸ்காடா ஸ்க்ரீன் நீலமாகி நிக்குது, ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?" பண்ணுங்கண்ணே என்றேன். 20 நிமிடத்தில் மறுபடி போன். கிளம்பிப் போனேன். ஸ்காடா என்பது ஃபர்னஸ் ஓட்டத்தைத் திரையில் காட்டிக் கட்டளை கொடுக்கும் மென்பொருள். அது ஓடுவது பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. ரேம் தூசி பிடித்திருக்கும் என்று கழற்றித் துடைத்தேன். யுபிஎஸ் மேல் சந்தேகப்பட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பவர் சப்ளையை மாற்றினேன். மணி ஒன்றாகிவிட்டது. அதற்குள் மூன்றாவது ஃபர்னஸ் திரையும் நீலமானது, பிறகு கடினத்தன்மை சோதிக்கும் மெஷினின் எக்ஸ்பி கம்ப்யூட்டரும். மூன்றும் வேறு வேறு யுபிஎஸ்ஸில் ஓடுபவை. அப்போதுதான் இது கரண்ட் பிரச்சினை இல்லை என்று வயிற்றில் ஒரு பயம் வந்தது.

இந்த இடத்தில் ஃபர்னஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் அப்படித் தவித்தேன் என்பது புரியாது. கார்பரைசிங் ஃபர்னஸ் உள்ளே 920 டிகிரியில், எரியக்கூடிய வாயு சூழலில் லோடு வெந்துகொண்டிருக்கும். முதல் கட்டத்தில் கார்பனை அதிகமாக ஏற்றுவோம், இரண்டாம் கட்டத்தில் குறைத்துப் பரவ விடுவோம், அப்புறம் எண்ணெயில் இறக்கிக் குளிர வைப்போம். வெப்பத்தைப் பிடித்து வைப்பது பேனலில் உள்ள கன்ட்ரோலர், கதவையும் எண்ணெய்த் தொட்டியையும் இயக்குவது பிஎல்சி. இரண்டும் அன்று இரவு ஒழுங்காகவே ஓடின. செத்தது திரை மட்டும். அதனால் "ஒன்றும் ஆகாது, பேனலைப் பார்த்து ஓட்டுங்கள்" என்று தைரியமாகச் சொன்னேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தாளில் குறிக்கச் சொன்னேன். அது சரியான முடிவுதான். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று அதற்குள் ஒளிந்திருந்தது.

முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு மாறச் சொல்லும் கட்டளை பிஎல்சியில் இல்லை. எட்டு வருடம் முன்பு மெஷினை நிறுவியவர் அந்த நேரக் கணக்கை ஸ்காடாவின் ஸ்கிரிப்ட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஸ்காடா செத்ததும் ஃபர்னஸ் "அடுத்த கட்டம்" என்ற சொல்லுக்காக முதல் கட்டத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. வெப்பம் சரி, வாயு சரி, அலாரம் எதுவும் இல்லை. நான்கு மணி நேரம் இருக்க வேண்டிய லோடு ஏழு மணி நேரம் இருந்துவிட்டது. காலையில் ஒரு கியரை வெட்டிப் பார்த்தபோது 1.1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டிய கடின அடுக்கு 1.4-ஐத் தொட்டிருந்தது, மேற்பரப்பை நொறுங்க வைக்கும் கார்பைடு வலையும் தெரிந்தது. மூன்று ஃபர்னஸிலும் சேர்த்து 1,800 கிலோ. எடுத்து ஓரமாக வைத்து சிவப்பு அட்டை கட்டினோம். சீனியர் ஆபரேட்டர் அண்ணன் அந்த அட்டையை எழுதும்போது ஒன்றுமே பேசவில்லை. அவர் ஷிஃப்ட்டில் அதற்கு முன்னால் ஒரு லோடுகூட ரிஜெக்ட் ஆனதில்லை.

ஆகவே மென்பொருள் ஓட்டையை அடைக்கும் பேட்ச், ஃபயர்வால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மெஷின் காலியாக இருக்கும் ஒரு நாளில், ஸ்காடா கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு முழுச் சுற்றை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் மெஷின் நின்று காத்திருக்கிறதோ அந்த வேலை தவறான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் பிறகு அந்த டைமரை பிஎல்சிக்குள் கொண்டுவந்தோம். ஸ்காடாவிலிருந்து ரெசிப்பி எண்ணும் தொடங்கு என்ற கட்டளையும் மட்டும் போகும், மீதியை பிஎல்சியே பார்த்துக்கொள்ளும். அதற்கு ஆன வேலை இரண்டு நாள்.

இரவுக்குத் திரும்புகிறேன். ஒன்றரை மணிக்குத் தற்செயலாக நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். வழக்கமாக எங்கள் ஸ்விட்ச்சின் விளக்குகள் நிதானமாக, ஒரே தாளத்தில் மினுங்கும். பிஎல்சியும் ஸ்காடாவும் பேசிக்கொள்வது எப்போதும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அன்று எல்லா விளக்கும் அணையாமல் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. ஆபீஸ் ஐடியில் இருக்கும் தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவன் போனிலேயே, இன்னும் நீலமாகாத ஒரு கம்ப்யூட்டரில் இதை அடிக்கச் சொன்னான்:

```
netstat -ano | findstr :445
sc query mssecsvc2.0
```

முதல் வரிக்குத் திரை நிறைய `SYN_SENT` என்று ஓடியது. 192.168.10.1, 10.2, 10.3 என்று வரிசையாக எல்லா முகவரிக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிக்கு, அப்படி ஒரு சர்வீஸ் ஓடுவதாகப் பதில் வந்தது. `C:\Windows` உள்ளே `mssecsvc.exe` உட்கார்ந்திருந்தது. "அண்ணா, இது வானாக்ரை" என்றான். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் தொழிற்சாலைகளையும் நிறுத்திய அதே புழு. அது நுழையும் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கு 2017 மார்ச்சிலேயே, எக்ஸ்பிக்கு அந்த மே மாதமே பேட்ச் கொடுத்துவிட்டது. ஆறு வருடம் கழித்தும் எங்கள் ஒன்பது கம்ப்யூட்டரில் ஒன்றில்கூட அது போடப்பட்டிருக்கவில்லை.

ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் திரை எதுவும் வரவில்லையே என்று குழம்பினேன். பிறகு அந்த ஃபைலைப் பார்த்த ஒருவர் விளக்கினார். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வகைகளில் பல, பூட்டும் பகுதி பழுதானவை. பரவ மட்டுமே தெரியும். ஆனால் பரவுவதற்காக விண்டோஸின் ஃபைல் பகிர்வுப் பகுதியை அது ஓயாமல் குத்துவதால் கம்ப்யூட்டர் விழுந்து நீலத்திரை காட்டுகிறது. எக்ஸ்பி பெரும்பாலும் தொற்றிக்கொள்ளாமலே விழுந்துவிடும், விண்டோஸ் 7 தொற்றிக்கொண்டு அடுத்ததைக் குத்தும். அதனால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் மாறி மாறி நீலமானால் ரேமைக் கழற்றாதீர்கள், முதலில் மேலே உள்ள இரண்டு வரியை அடித்துப் பாருங்கள். நான் ரேமிலும் யுபிஎஸ்ஸிலும் தொலைத்தது நான்கு மணி நேரம்.

புழு என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் மெயினில் அணைத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். ஆபீஸில் அது சரி. ஃபர்னஸ் உள்ளே எரியும் வாயு இருக்கும்போது வெப்பம் 760 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும் ஆபத்து உண்டு. நைட்ரஜன் விட்டு முறைப்படி வெளியேற்றித்தான் அணைக்க முடியும். ஐடி ஆட்களுக்கு இது தெரிய நியாயமில்லை, நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எதைப் பிடுங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று இப்போது ஒவ்வொரு பேனல் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பிடுங்க வேண்டிய கேபிளுக்கு மஞ்சள் டேப்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. விடிகாலையில் இரண்டாவது ஃபர்னஸ் கம்ப்யூட்டரை மட்டும் சுத்தம் செய்து, உற்பத்தி மேனேஜர் நச்சரித்ததால் உடனே நெட்வொர்க்கில் மாட்டினேன். 12 நிமிடத்தில் மறுபடி தொற்றியது. திரும்பவும் சுத்தம், திரும்பவும் தொற்று. பத்து மணிக்குத்தான் மண்டையில் உறைத்தது. முதலில் எல்லா கம்ப்யூட்டரின் கேபிளையும் கழற்ற வேண்டும், ஆபீஸுக்குப் போகும் கேபிளையும் சேர்த்து. பிறகு ஒவ்வொன்றாகச் சர்வீஸை நிறுத்தி, ஃபைலை அழித்து, ஓட்டையை மூடி, எல்லாம் முடிந்த பிறகே முதல் கேபிளை மாட்ட வேண்டும். பேட்ச் ஃபைல்களைப் பென்டிரைவில் கொண்டு போகாமல் டிவிடியில் எழுதிக்கொண்டோம். டிவிடியில் எதுவும் ஏறி உட்கார முடியாது.

பேட்ச் போடுவதும் நினைத்த அளவு லேசாக இல்லை. விண்டோஸ் 7-க்கு `KB4012212`, எக்ஸ்பிக்கு `KB4012598`. இரண்டு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று மறுத்துவிட்டது. காரணம், அவற்றில் சர்வீஸ் பேக் 1 கூட இல்லை. அதை ஏற்றினால் ஸ்காடா எழும்புமா என்று கேட்க மெஷின் கொடுத்தவரை அழைத்தேன். "நாங்கள் சோதிக்காத பேட்ச் போட்டால் ஏஎம்சி செல்லாது சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று ஃபர்னஸ் நிற்கிறது, வாடிக்கையாளரின் லாரி திங்கள் காலை வரும். அந்தப் பதிலைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அடுத்த பொங்கல் லீவில் நாங்கள் பேட்ச் போட்டபோது ஒரு கம்ப்யூட்டரில் ஸ்காடா எழும்பவே இல்லை.

பேட்ச் போட முடியாத அந்த இரண்டையும் கதவை மூடித்தான் காப்பாற்றினோம். புழு வருவது 445 போர்ட் வழியாக. பிஎல்சியோடு பேச அந்த போர்ட் தேவையே இல்லை, அதற்கு 102 அல்லது 502 போதும். 445 தேவைப்பட்டது ஒரே ஒரு காரணத்துக்கு. கடினத்தன்மை சோதிக்கும் எக்ஸ்பி கம்ப்யூட்டர் தன் ரிப்போர்ட்டை ஸ்காடாவின் பகிர்ந்த ஃபோல்டரில் போடுகிறது, எக்ஸ்பிக்குப் பழைய வகைப் பகிர்வு மட்டுமே தெரியும். அதனால் அந்தப் பழைய வகையை அணைக்கவும் முடியவில்லை. எனவே விண்டோஸ் ஃபயர்வாலை இயக்கி, பொதுவான பகிர்வு அனுமதியை எடுத்துவிட்டு, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழிவிட்டோம்:

```
netsh advfirewall firewall set rule group="File and Printer Sharing" new enable=No
netsh advfirewall firewall add rule name="report" dir=in action=allow protocol=TCP localport=445 remoteip=192.168.10.24
```

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். 445-ஐத் தடுக்கத் தனியாக ஒரு விதி எழுதி, அதோடு ஒரு முகவரிக்கு அனுமதியும் எழுதினால் விண்டோஸில் தடைதான் வெல்லும். உள்ளே வருவதெல்லாம் இயல்பாகவே அடைத்திருக்கட்டும், வேண்டியதற்கு மட்டும் அனுமதி எழுதுங்கள். அதோடு, எங்கள் கம்ப்யூட்டர்களில் ஃபயர்வால் முழுக்க அணைக்கப்பட்டிருந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பிஎல்சியின் மதிப்புகளை ஸ்காடாவுக்குக் கொண்டுவரும் பழைய ஓபிசி, நெட்வொர்க் வழியாகப் பேசினால் 135 போர்ட்டில் தொடங்கி, பிறகு ஏதேதோ போர்ட்டுகளுக்குத் தாவும். அதோடு மல்லுக்கட்ட முடியாமல் நிறுவியவர் ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் ஃபயர்வாலை இயக்கியதும் ஒரு ஸ்காடாவில் எல்லா மதிப்பும் கேள்விக்குறியானது. ஓபிசி சர்வரையும் அதே கம்ப்யூட்டரிலேயே நிறுவிய பிறகு அந்தப் பேச்சு நெட்வொர்க்குக்கு வெளியே வரவேண்டிய தேவையே போய்விட்டது.

ஞாயிறு மாலை ஆறரைக்கு முதல் லோடை ஏற்றினோம். வீணாய்ப்போன மூன்று லோடு, நின்ற நேரம், திங்கள் லாரிக்காகப் பக்கத்து ஜாப் ஷாப்புக்குக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்து அக்கவுன்ட்ஸ் போட்ட கணக்கு 23 லட்சம் ரூபாய். பேட்ச் போட மெஷினை நிறுத்தினால் உற்பத்தி போகும் என்று நாங்களே பல வருடம் தள்ளிப் போட்டதற்கு வந்த பில் அது.

புழு எப்படி வந்தது என்று தேடியபோது விண்டோஸின் சிஸ்டம் ஈவென்ட் லாகில் `7045` என்ற எண் கைகொடுத்தது. புதிதாக ஒரு சர்வீஸ் நிறுவப்பட்டால் அந்த எண்ணில் நேரத்தோடு பதிவாகும். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் பார்த்து எது முதல் என்று தேடினோம். வெள்ளிக்கிழமை மாலை 4:12. கேட்டில் இருக்கும் விசிட்டர் நோட்டைப் புரட்டினால், பாகங்கள் கழுவும் புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்த சர்வீஸ் பொறியாளர் 3:50-க்கு லேப்டாப்புடன் உள்ளே வந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த லேப்டாப் அதற்கு முன் எத்தனை ஆலைகளில் மாட்டப்பட்டதோ. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் நின்றதும் இப்படித்தான். புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் மாட்டியதால், இதே புழுவின் ஒரு வகை உள்ளே பரவியது. என்னை உறுத்தியது வேறொன்று. வெள்ளி மாலை ஐந்து மணிக்கே ஷிஃப்ட் லாக் புக்கில் "எக்ஸ்பி சிஸ்டம் ஹேங், ரீஸ்டார்ட் செய்தோம்" என்று ஒரு வரி இருந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டர் தானாக விழுந்தால் அதற்கும் பிரேக்டவுன் ஸ்லிப் போடச் சொல்லியிருக்கிறோம்.

இப்படி ஒரு தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 2022 ஏப்ரல் உத்தரவில் ஸ்காடாவும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. `incident@cert-in.org.in` என்ற முகவரியையும் பேனல் தாளிலேயே எழுதி வையுங்கள்.

திங்கட்கிழமை இன்னொரு அடி விழுந்தது. எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று பார்க்கலாமே என்று ஐடி தம்பி நல்ல எண்ணத்தில் மொத்த நெட்வொர்க்கையும் ஸ்கேன் செய்தான். ஒரு பழைய பிஎல்சியின் ஈதர்நெட் மாட்யூல் அந்தக் கேள்விகளைத் தாங்காமல் உறைந்துபோனது. பவரை அணைத்துப் போட்டால்தான் எழுந்தது, இன்னும் 40 நிமிடம் உற்பத்தி போனது. பழைய பிஎல்சி இருக்கும் இடத்தில் ஓடும்போது ஸ்கேன் செய்யாதீர்கள். அதற்குப் பதில் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து, வயர்ஷார்க்கில் ஒரு வாரம் சும்மா கேட்டுப் பதிவு செய்தோம். யார் யாரோடு எந்த போர்ட்டில் பேசுகிறார்கள் என்பது முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை வைத்துத்தான் ஃபர்னஸ், கழுவும் மெஷின், ஆபீஸ் மூன்றுக்கும் நடுவே சிறிய ஃபயர்வால் பெட்டிகளை வைத்தோம். மொத்தச் செலவு இரண்டரை லட்சம்.

பேட்ச் வேலையை ஆயுத பூஜை, பொங்கல் லீவுகளுக்கென்று ஒதுக்கினோம். எப்படியும் ஃபர்னஸ் குளிர்ந்திருக்கும் நாட்கள் அவை. செய்யும் முறை இது: ஓடும் ஹார்ட் டிஸ்க்கைக் குளோனிசில்லாவில் புது டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுப்போம். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பெயர் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, பேட்ச்சை நகலில் மட்டும் போடுவோம். ஸ்காடா எழும்பி, பிஎல்சியின் மதிப்புகள் வந்து, ஒரு வெற்றுச் சுற்று ஓடினால் நகல் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் பழைய டிஸ்க். இதனால் "திரும்பி வர முடியாமல் போனால்?" என்ற பயம் போய்விட்டது, மேனேஜரும் கையெழுத்துப் போட்டார். ஒரு எச்சரிக்கை: சில ஸ்காடாக்களின் லைசென்ஸ் ஹார்ட் டிஸ்க்கோடு கட்டப்பட்டிருக்கும், நகலில் டெமோ என்று வந்து நிற்கும். எங்களுக்கு ஒன்றில் அப்படி வந்தது. லைசென்ஸ் மாற்றிக் கொடுக்கச் சொல்லி லீவுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். நம்மிடம் இருக்கும் பிஎல்சி புரோகிராம் நகல் மெஷினில் ஓடுவதோடு பொருந்துகிறதா என்றும் அதே லீவில் ஒப்பிடுங்கள். எங்கள் லேப்டாப்பில் இருந்தது இரண்டு வருடப் பழசு.

ஒன்பதில் ஆறு கம்ப்யூட்டர் இப்போது பேட்ச்சோடு ஓடுகின்றன. ஸ்காடா எழும்பாத ஒன்று, சர்வீஸ் பேக் ஏற்றத் துணியாத ஒன்று, ஒரு விலை உயர்ந்த மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் ஒன்று, இந்த மூன்றும் பழையபடியே ஃபயர்வால் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. வெளியாட்களின் லேப்டாப் எதுவும் இனி எங்கள் ஸ்விட்ச்சில் மாட்டப்படுவதில்லை. நாங்கள் கொடுக்கும் லேப்டாப்பில்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டும், மென்பொருள் தேவை என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு சர்வீஸ் பொறியாளர் இதற்கு ஒப்புக்கொள்ளாமல் கேட்டில் ஒரு மணி நேரம் வாதாடினார். அன்று ஷிஃப்ட்டில் இருந்தது அந்தச் சீனியர் ஆபரேட்டர் அண்ணன். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.